பங்குனிப் பகலின் புழுதிச் சுழல்

வாசுதேவநல்லூருக்கு மேற்கே மலையடிவாரம் வரை குளத்துப் பாசன வயல்களும் தென்னந்தோப்புகளும் எலுமிச்சைத் தோட்டங்களும் உண்டு. கிழக்கே சங்கரன்கோவில் திசையில் போகப் போகத் தோப்பு குறைந்து, செவலும் கரிசலுமாக மானாவாரிக் காடு தொடங்கிவிடும். இந்தப் பக்கத்தில் காடு என்றால் மரக்காடு அல்ல; மழையை நம்பிய புன்செய். தை, மாசியில் வெள்ளாமை வீடு வந்து சேர்ந்த பிறகு அந்தக் காடுகள் வெறுமையாகக் கிடக்கும். பங்குனி, சித்திரையில் நண்பகல் தாண்டிய நேரத்தில் அங்கே புழுதி ஒரு தூணாகத் திரண்டு, தன்னைத்தானே சுற்றிக்கொண்டு நூறு, இருநூறு அடி உயரத்துக்கு எழுந்து, சற்றுத் தொலைவு நகர்ந்து, இரண்டொரு நிமிடத்தில் கலைந்துபோகும். ஊரார் இதைச் சுழிக்காற்று என்பார்கள், பேய்க்காற்று என்றும் சொல்வார்கள். வானத்தில் மேகம் இராது. பெருங்காற்றும் இராது. முன்னறிவிப்பின்றி வெறுந்தரையிலிருந்து எழுவதுதான் அதற்குப் பேயின் பெயரை வாங்கித் தந்தது.

புயலையும் இதையும் ஒரே பெயரால் அழைக்கும் வழக்கம் குழப்பம் தருவது. வங்கக் கடலில் உருவாகும் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலமுடையது. கடல்நீர் ஆவியாகி, மேலே குளிர்ந்து மீண்டும் நீராகும்போது வெளிவிடும் வெப்பமே அதை ஓட்டுகிறது. புழுதிச் சுழலுக்கு ஒரு சொட்டு நீரும் தேவையில்லை. சொல்லப்போனால், நீர் இருந்தால் அது பிறப்பதே அரிது. அதற்கு வேண்டியவை மூன்று: தரையில் தேங்கிய வெப்பம், மேலே போக அந்த வெப்பம் கண்டுபிடிக்கும் வழி, அந்த வழியில் சிறிதளவு சுழற்சி. இந்த மூன்றும் எப்படி ஒன்றுசேர்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில் வெப்பம். பங்குனி மாதத்தின் தெளிந்த நண்பகலில் ஒரு சதுர மீட்டர் தரைமீது ஏறத்தாழ 900 வாட் வெயில் விழுகிறது. உழுது காய்ந்த புன்செய் அதில் சுமார் 200 வாட்டைத் திருப்பி அனுப்பிவிடும். சூடேறிய மண் கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிராக வானத்துக்கு இழப்பது இன்னொரு 250 வாட் அளவுக்கு வரும். எஞ்சிய 450 வாட்டில் நூற்றுச் சொச்சம் மண்ணுக்குள் இறங்கும். மீதி 300 வாட்டுக்கு மேற்பட்டது தரையை ஒட்டிய காற்றைச் சூடாக்குவதில் போகிறது. குளத்துப் பாசன வயலில் கணக்கு வேறு. அங்கே இந்த 300 வாட்டின் பெரும்பகுதியை நீர் ஆவியாவதற்கே எடுத்துக்கொள்ளும். ஒரு கிலோ நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சத்து 50 ஆயிரம் ஜூல் வெப்பம் வேண்டும். சதுர மீட்டருக்கு 300 வாட் என்ற வீதத்தில் மூன்று மணி நேரம் விழும் வெப்பத்தைத் தீர்த்துக்கட்ட 1.3 மில்லிமீட்டர் கனமுள்ள நீர்ப்படலம் போதும். ஒரு வாய்க்கால் தண்ணீர் பாய்ந்த வயலுக்கும் பக்கத்துக் காய்ந்த காட்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான். ஆனால் ஒன்றின்மேல் சுழல் எழுகிறது, மற்றதன்மேல் எழுவதில்லை.

நிழலில், ஆள் மார்பளவு உயரத்தில் வைத்த வெப்பமானி 38 பாகை செல்சியஸ் காட்டும் நாளில் வெற்று மண்ணின் மேற்பரப்பு 58 பாகையை எட்டுவது சாதாரணம். செருப்பில்லாமல் வரப்பைத் தாண்டியவர்களுக்குக் கருவி தேவைப்படாது. இந்த 20 பாகை இறக்கம் சீராகப் பரவியிருப்பதில்லை. அதில் பெரும்பகுதி தரையிலிருந்து முதல் சில விரற்கடைக்குள்ளேயே நடந்துவிடுகிறது. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் மிக மந்தமானது என்பதே காரணம். வறண்ட காற்று மேலே எழும்போது விரிந்து தானாகவே குளிரும். ஒவ்வொரு 100 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை என்பது அதன் கணக்கு. சுற்றியுள்ள காற்று உயரத்தோடு இதே வீதத்தில் குளிர்ந்திருந்தால் மேலே தூக்கப்பட்ட காற்று அங்கேயே நின்றுவிடும். ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. பங்குனிப் பகலிலோ ஓர் ஆள் உயரத்துக்குள்ளேயே பத்துப் பாகைக்கு மேல் குறைகிறது. கனமான காற்று மேலேயும் இலேசான காற்று கீழேயும் இருக்கின்றன. தண்ணீருக்கு அடியில் எண்ணெயை ஊற்றி வைத்தாற்போன்ற நிலை அது.

இரண்டாவது, வழி. தரையை ஒட்டிய காற்று முழுவதும் ஒரே நேரத்தில் மேலே போய்விட முடியாது. மேலே உள்ளது கீழே வர இடம் வேண்டும். ஆகவே காற்று தனக்குள் இடத்தைப் பங்கிட்டுக்கொள்கிறது. வாணலியில் மெல்லிய படலமாக எண்ணெயை ஊற்றி மெதுவாகச் சூடாக்கினால் அதன் பரப்பு சிறுசிறு கட்டங்களாகப் பிரிவதைப் பார்க்கலாம். வானத்துக் கட்டங்களுக்குப் பின்னால் உள்ள காரணம் முழுக்க ஒன்றல்ல என்றாலும் வடிவம் ஏறக்குறைய அதுதான். கோடை நண்பகலில் தரையிலிருந்து ஒன்று, இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை காற்று கலங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கலக்கம் ஒரு கிலோமீட்டருக்குக் கூடுதலோ குறைவோ அகலமுள்ள கட்டங்களாக அமைகிறது. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் காற்று பரந்து மெதுவாகக் கீழிறங்கும். கட்டங்களின் ஓரங்களில் மெல்லிய சுவர்போலச் சற்று வேகமாக மேலே போகும். பல சுவர்கள் சந்திக்கும் மூலைகளில் ஏற்றம் எல்லாவற்றிலும் வலுவாக இருக்கும்.

தரையில் நிற்பவருக்கு இது எப்படித் தெரியும்? கீழிறங்கிய காற்று தரையைத் தொட்டு, பக்கவாட்டில் பரவி, சூடேறியபடியே அந்தச் சுவர்களை நோக்கி ஊர்ந்துபோகிறது. வெட்டவெளியில் நண்பகலில் காற்று சில நிமிடம் ஒரு திசையிலிருந்து வருவதும், பிறகு அடங்குவதும், பிறகு வேறு திசையிலிருந்து வருவதும் இதனால்தான். நெல் தூற்றுபவர்கள் காற்று நிலையாக இல்லாத வேளை என்று கூடையை இறக்கிவைப்பது இந்த நேரத்தில்தான். மலைச்சரிவு சூடேறிச் சமவெளிக் காற்றைத் தன் பக்கம் இழுப்பதும் இத்துடன் சேர்ந்துகொள்ளும்.

மேலே போகும் வேகத்தையும் ஒரு கணக்காகப் பார்த்துவிடலாம். சுற்றியுள்ள காற்று 40 பாகையிலும் ஏறும் காற்று 43 பாகையிலும் இருந்தால், இரண்டுக்கும் அடர்த்தியில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு வேறுபாடு. புவியீர்ப்பின் நூற்றில் ஒரு பங்கு அதை மேலே தள்ளுகிறது. தடையேதும் இல்லையென்றால் 100 மீட்டர் ஏறுவதற்குள் நொடிக்கு நாலரை மீட்டர் வேகம் கிடைக்கும். குளிர்ந்த காற்று கலப்பதால் உண்மையில் கொஞ்சம் குறையும். மூன்று பாகை வேறுபாடு மிகச் சிறியதாகத் தோன்றலாம். புழுதித் தூணை எழுப்ப அது போதுமானது.

மூன்றாவது, சுழற்சி. ஒரு மூலையை நோக்கி நான்கு பக்கமிருந்தும் காற்று வருகிறது. நான்கும் ஒரே வலுவோடு, ஒரே புள்ளியைக் குறிவைத்து வந்தால் சுழற்சி பிறக்காது. அப்படி வருவது அபூர்வம். ஒன்று சற்று விலகியிருக்கும், ஒன்று வேகமாக இருக்கும், ஒன்றை வழியில் நிற்கும் பனையோ வேலியோ பம்புசெட் அறையோ திருப்பிவிட்டிருக்கும். தரை உராய்வால் கீழே மெதுவாகவும் மேலே விரைவாகவும் ஓடும் காற்றில், உருண்டோடும் உருளைபோலப் படுக்கைவாட்டில் ஒரு சுழற்சி எப்போதும் இருக்கும். மேலேறும் காற்று அதன் ஒரு பகுதியைத் தூக்கினால் படுத்திருந்த சுழல் நிமிர்ந்து நிற்கும். இவற்றில் எது முதன்மை என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. எல்லா வழிகளும் சூழ்நிலைக்கேற்ப வேலை செய்கின்றன என்று கொள்வதே பொருத்தம்.

தொடக்கச் சுழற்சி கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லியது. அதைப் பெருக்குவது சுருக்கம். நடு அச்சிலிருந்து 20 மீட்டர் தள்ளி நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் சுற்றிவரும் காற்றை எடுத்துக்கொள்வோம். ஒரு தும்பைச் செடியின் இலைகூடச் சரியாக ஆடாத வேகம் அது. மேலே ஏற்றம் இழுப்பதால் அந்தக் காற்று உள்ளே வருகிறது. உள்ளே வர வர, ஆரம் குறைந்த அதே மடங்குக்கு வேகம் கூடவேண்டும் என்பது இயற்பியலின் விதி. இரண்டு மீட்டருக்கு வந்தால் நொடிக்கு 5 மீட்டர். ஒரு மீட்டருக்கு வந்தால் 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். வழியில் உராய்வு கொஞ்சத்தைத் தின்றுவிடும். என்றாலும் அளவிடப்பட்ட சுழல்களில் நொடிக்கு 10 முதல் 20 மீட்டர் வரையான வேகங்கள் பதிவாகியிருக்கின்றன.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். வேகமாகச் சுற்றும் காற்று வெளியே வீசப்படத்தானே பார்க்கும். பிறகு எப்படி உள்ளே வந்துகொண்டே இருக்கிறது? தரைக்கு மேலே சற்று உயரத்தில் அது உள்ளே வருவதில்லை என்பதே உண்மை. நடுவில் அழுத்தம் குறைந்து உள்ளே இழுப்பதும் சுற்றும் வேகம் வெளியே தள்ளுவதும் அங்கே சரிக்குச் சரியாக நிற்கின்றன. ஒரு குழாயின் சுவர்போலச் சுழல் தன்னைத் தானே மூடிக்கொள்கிறது. தரையை ஒட்டிய சில அடிகளில் மட்டும் உராய்வு சுற்றும் வேகத்தைக் குறைத்துவிடுகிறது. வெளித்தள்ளும் விசை அங்கே தளர்கிறது. உள்ளிழுக்கும் அழுத்தமோ அப்படியே இருக்கிறது. ஆகவே தரையோடு தவழும் காற்று, மண்ணிலேயே மிகச் சூடான அந்தப் படலம், நேராக நடுவுக்குப் பாய்கிறது. ஒரு செம்பில் தண்ணீர் ஊற்றி, தேயிலைத் தூள் கொஞ்சம் போட்டுக் கரண்டியால் சுழற்றிவிட்டு நிறுத்தினால், தூள் ஓரத்துக்குப் போகாமல் அடியில் நடுவே குவிவதைக் காணலாம். செம்பின் அடியில் நடப்பதும் காட்டில் நடப்பதும் ஒன்றே. உராய்வு சுழலைக் கொல்லும் என்று நினைப்பது இயல்பு. புழுதிச் சுழலின் வயிற்றை நிரப்புவதே உராய்வுதான் என்பது இந்தப் பொருளில் மிக அழகான செய்தி.

புழுதி இந்தக் கதையில் கடைசியாக வருகிறது. சுழல் முதலில் பிறக்கிறது. மண் பிறகு ஏறுகிறது. தளர்ந்த மண்ணின்மேல் போகாத சுழல் கண்ணுக்குத் தெரியாமலே கடந்துவிடும். அழுத்தமானி மட்டுமே அதைக் கண்டுகொள்ளும். மண்ணில் முதலில் கிளம்புவது மிக நுண்ணிய தூள் அல்ல. அது ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மணல்துகள்தான் எளிதில் அசையும். அது துள்ளி விழும்போது நுண்தூளைத் தெறிக்கவிடுகிறது, தூள் மேலே போகிறது, மணல் அடியில் பாவாடைபோலச் சுற்றிக்கொண்டு நிற்கிறது. நடுவில் அழுத்தம் குறைந்திருப்பதும் மண்ணின் மேல்தோலை உறிஞ்சித் தளர்த்தும். கோடை உழவு ஓட்டிய காடு, ஆட்டுக்கிடை போட்டு மிதிபட்ட இடம், டிராக்டர் போய்வந்த வண்டிப்பாதை ஆகியவற்றின்மேல் சுழல் சட்டென்று நிறம் பெறுவது இதனால்தான். செவலில் சிவந்தும் கரிசலில் சாம்பல் படர்ந்தும் இருக்கும். அருகில் இருந்து பார்த்தவர்கள் தூணின் நடு சற்றுத் தெளிவாக இருப்பதைக் கவனித்திருப்பார்கள். துகள்கள் வெளியே தள்ளப்பட்டு ஓரத்தில் சுவராக நிற்பதே அதற்குக் காரணம்.

துகள்கள் உரசும்போது மின்னேற்றம் பிறக்கும். பெங்கால் ராணுவத்தில் மருத்துவராக இருந்த பாட்லி என்ற ஆங்கிலேயர் லாகூரில் இத்தகைய சுழல்களைக் கவனித்து, கம்பியும் மின்காட்டியும் வைத்து அந்த மின்னேற்றத்தைக் கண்டார். இந்தியாவின் சுழல்காற்றுகளையும் புழுதிப்புயல்களையும் பற்றி அவர் எழுதிய நூல் 1860இல் லண்டனில் வெளிவந்தது. சுழலுக்கு மூலமே மின்சாரம்தான் என்ற முடிவுக்கு அவர் சாய்ந்தார். அது தவறு. மின்சாரம் சுழலின் விளைவு. ஆயினும் நம் மண்ணின் வெயிலில் நின்று கருவியோடு இதைப் பார்த்த முதல் சிலருள் அவர் ஒருவர். வெப்பம்தான் மூலம் என்பதற்கு உறுதியான அளவீடுகள் 1960களில் அமெரிக்காவின் அரிசோனாவில் கிடைத்தன. சிங்க்ளேர் என்ற ஆய்வாளர் வண்டியில் கருவிக் கம்பத்தை நட்டுச் சுழல்களுக்குள்ளேயே ஓட்டிச் சென்று, நடுப்பகுதி சுற்றிலும் இருப்பதைவிடச் சூடாகவும் அழுத்தம் குறைந்தும் இருப்பதைப் பதிவு செய்தார். நீராவிக்கு இதில் பங்கில்லை என்பதற்கு இன்னும் பெரிய சாட்சி செவ்வாய்க் கோள். நீரற்று உலர்ந்த, பூமியினுடையதில் நூற்றில் ஒரு பங்களவே அடர்ந்த காற்றுள்ள அங்கும் புழுதிச் சுழல்கள் எழுகின்றன. 2021 செப்டம்பர் 27 அன்று பெர்சிவரன்ஸ் ஊர்தியின்மேல் அப்படி ஒன்று கடந்தபோது, துகள்கள் மோதும் ஓசையையே அதன் ஒலிவாங்கி பதிவு செய்தது.

சுழலும் திசை குறித்து ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. புயல்கள் வடகோளத்தில் இடஞ்சுழியாக மட்டும் சுற்றும்; பூமியின் சுழற்சி அதற்குக் காரணம். புழுதிச் சுழலில் இடஞ்சுழியும் வலஞ்சுழியும் கிட்டத்தட்டச் சமமாகவே வரும். பூமியின் சுழற்சி தன் கைவரிசையைக் காட்ட பல மணி நேரமும் பல கிலோமீட்டர் தூரமும் வேண்டும். சில நிமிடமே வாழும், சில மீட்டரே அகலமுள்ள சுழலிடம் அதற்கு வேலையில்லை. அதிலும் வாசுதேவநல்லூர் நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 9 பாகை வடக்கே இருப்பதால் அந்த விளைவு இங்கே மேலும் வலுவற்றது. முதலில் எந்தப் பக்கக் காற்று சற்று விஞ்சியதோ அதுவே திசையைத் தீர்மானிக்கிறது.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு உள்ளூர் நாட்காட்டியைப் பார்த்தால் ஒரு முரண் தெளிவாகும். இந்த வட்டாரத்தில் காற்றுக்குப் பெயர்போன மாதம் பங்குனி அல்ல, ஆடி. தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் பாய்ந்து, தென்காசிப் பக்கம் சாரலையும் கிழக்கே வறண்ட காற்றையும் கொண்டுவரும் காலம் அது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. அப்போது புழுதி பறக்கிறது; ஆனால் தூணாக நிற்பதில்லை, சமவெளி முழுக்கப் படலமாக இழுபடுகிறது. பலத்த காற்று தரையின் சூடான படலத்தைச் சேரவிடாமல் உடனுக்குடன் மேலே கலந்துவிடுகிறது. கட்டங்களும் மூலைகளும் அமைய வேண்டிய இடத்தில் காற்றின் திசையில் நீண்ட கோடுகளே அமைகின்றன. மூலை இல்லாவிட்டால் சுழலுக்கு வீடு இல்லை. முற்றிலும் அசைவற்ற நாளிலும் சுழல்கள் குறைவாகவே எழும்; தொடக்கச் சுழற்சி தர ஏதோ ஓர் இளங்காற்று வேண்டும். நொடிக்கு இரண்டு முதல் ஐந்தாறு மீட்டர் வரை வீசும் பங்குனிக் காற்று அதற்குச் சரியான அளவு. சுழிக்காற்று பெருங்காற்றின் பிள்ளை அல்ல. மெல்லிய காற்றும் கடும் வெயிலும் சேர்ந்த பிள்ளை.

ஒரு நாளின் போக்கிலும் இதே தர்க்கம் தெரியும். தெளிந்த இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் கனமான காற்று கீழேயும் இலேசானது மேலேயும் அமைதியாக அடுக்கப்பட்டிருக்கும். அடுப்புப் புகை மேலே போகாமல் ஊரின்மேல் தட்டையாகப் படரும் வேளை அது. ஒன்பது மணி வெயில் அந்த அடுக்கைக் கீழிருந்து கரைக்கத் தொடங்கும். பதினொன்றுக்கு முதல் சிறு சுழல்கள், சருகை மட்டும் கிளப்பிவிட்டு அடங்கிவிடும். பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே அவை தூணாகும். மூன்று மணிக்குமேல் மேற்கு மலையின்மேல் கோடை மேகம் திரண்டு நிழல் கிழக்கே நீண்டால், வெயில் இன்னும் மிச்சமிருந்தும் அன்றைய சுழல்கள் முடிந்துவிடும்.

ஒவ்வொரு சுழலின் முடிவும் அதன் அடியில்தான் இருக்கிறது. இளங்காற்றோடு நகரும் தூண், காய்ந்த காட்டைத் தாண்டித் தண்ணீர் பாய்ந்த தோட்டத்துக்குள் நுழைந்ததும் அடி மெலிந்து, தூசி மட்டும் மேலே மிதந்து நிற்பதை வரப்பில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள். அடியில் சூடான காற்று வருவது நின்றது, வேர் அறுந்தது. தோப்புக்குள் போனாலும் அதே கதிதான்.

சேதம் பெரும்பாலும் சிறிது. ஆனால் அசட்டை செய்யத்தக்கதல்ல. நொடிக்கு 10 மீட்டரில் சுற்றும் சுழலின் நடுவில் அழுத்தம் ஒரு மில்லிபார் அளவுக்குக் குறையும். மூன்று மாடி ஏறினால் குறையும் அளவு அது. ஒரு மில்லிபார் என்பது சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ எடையின் விசை. அரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகரம் சதுர மீட்டருக்கு நாலு கிலோதான் இருக்கும். கதவு சாத்திய கொட்டகையின்மேல் சுழல் ஏறும்போது, உள்ளேயிருக்கும் காற்றின் அழுத்தம் ஒரு நொடி அப்படியே நிற்க, வெளியே குறைந்துவிட்டால், ஆணி இற்றுப்போன தகரம் கிளம்பிவிடும். 20 மீட்டர் வேகமென்றால் விசை நான்கு மடங்கு. களத்தில் காயும் மிளகாயும் பருத்தியும் சிதறுவது இதைவிட எளிது. தகரத்தைக் கல்லால் மட்டும் அழுத்தி வைக்காமல் ஓரங்களைச் சட்டத்தோடு திருகாணி போட்டு முடுக்குவதும், களத்துத் தார்ப்பாயின் நான்கு முனையையும் கட்டுவதும் போதும்.

எல்லாவற்றையும்விடக் கவனிக்க வேண்டியது தீ. உழவுக்கு முன் காய்ந்த தட்டையையும் முள்ளையும் குவித்துக் கொளுத்தும் வழக்கம் இந்தக் காடுகளில் உண்டு. நண்பகலில் கொளுத்தினால், தரையின் சூட்டோடு தீயின் சூடும் சேர்ந்து சுழலுக்கு இரட்டை ஏற்றம் கிடைக்கும். அப்போது தூணில் ஏறுவது புழுதி அல்ல, கங்கு. அது ஓலைக் கொட்டகையிலோ அடுத்தவர் வைக்கோல் படப்பிலோ போய் இறங்க ஒரு நிமிடம் போதும். எரித்தே ஆகவேண்டுமென்றால் விடியற்காலையில், புகை தட்டையாகப் படரும் நேரத்தில் எரித்து, பத்து மணிக்குள் தண்ணீர் தெளித்து அணைத்துவிட வேண்டும். சருகு ஒரு முறை வட்டமிட்டு எழுந்ததைக் கண்ட பிறகு அன்று தீப்பெட்டியைத் தொடவே வேண்டாம்.